ஸ்னிப்பெட்டில் எந்தத் தேதி நேர்மையானது: வெளியிட்ட நாளா, புதுப்பித்த நாளா?

### ஸ்னிப்பெட்டில் வரும் தேதியை நானே தீர்மானிக்க முடியுமா?

முடியாது. ஸ்னிப்பெட் என்பது தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரி விவரம். அதன் தொடக்கத்தில் கூகுள் ஒரே ஒரு தேதியைத்தான் காட்டுகிறது. எந்தத் தேதியைக் காட்டுவது, காட்டுவதா வேண்டாமா என்பதையும் கூகுளே முடிவு செய்கிறது. பக்கத்தில் வாசகர் கண்ணுக்குத் தெரியும் தேதி, தேடுபொறி படிப்பதற்காகப் பக்கத்துக்குள் எழுதப்பட்ட கட்டமைப்புத் தரவு ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, அந்தப் பக்கம் எப்போது வெளியானது அல்லது எப்போது கணிசமாக மாறியது என்று கூகுள் மதிப்பிடுகிறது. ஏதாவது ஒரு குறிப்பை மட்டும் நம்பி அது முடிவெடுப்பதில்லை.

நம் கையில் இருப்பது சான்று கொடுக்கும் வேலை. அந்தச் சான்று உண்மையாகவும் ஒன்றுக்கொன்று முரண்படாமலும் இருந்தால், பெரும்பாலும் சரியான தேதியே ஸ்னிப்பெட்டில் வரும்.

### செய்திக்கும் வழிகாட்டிக்கும் ஒரே விதி போதாதா?

போதாது. அந்தத் தேதியைப் பார்த்து வாசகர் புரிந்துகொள்வது இரண்டிலும் வேறு வேறு. செய்தியின் பக்கத்தில் இருக்கும் தேதியை அவர் "இது எப்போது நடந்தது" என்ற கேள்விக்குப் பதிலாக எடுத்துக்கொள்கிறார். வழிகாட்டியின் பக்கத்தில் இருக்கும் தேதியை "இதில் சொல்லியிருப்பது இன்னமும் செல்லுமா" என்ற கேள்விக்குப் பதிலாக எடுத்துக்கொள்கிறார். ஆகவே செய்திக்கு இயல்பாக முன்னிற்க வேண்டியது வெளியிட்ட நேரம். வழிகாட்டிக்கு முன்னிற்க வேண்டியது உள்ளடக்கம் உண்மையாகவே கடைசியாக மாறிய நாள்.

இதை மாற்றிப் போட்டால் இரண்டு பக்கமும் தவறு நேர்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதி, சென்ற மாதம் பாதிக்கு மேல் திருத்திய வழிகாட்டிக்கு வெளியிட்ட தேதியை மட்டும் காட்டினால், பயனுள்ள பக்கத்தைப் பழையது என்று வாசகர் தாண்டிப் போய்விடுகிறார். நேற்றைய செய்திக்கு இன்றைய தேதியைக் காட்டினால், முடிந்துபோன ஒன்று இப்போது நடப்பதாக அவர் நம்பிவிடுகிறார். இரண்டாவது தவறே கொடியது என்பது என் எண்ணம். முதலாவதில் இழப்பு பெரும்பாலும் நமக்கு, இரண்டாவதில் இழப்பு வாசகருக்கு.

### செய்தியில் புதுத் தகவல் சேர்த்தால் நேரத்தை மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் மாற்ற வேண்டியது புதுப்பித்த நேரத்தை மட்டுமே. ஒரு பாலம் மூடப்பட்ட செய்தியை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 5 காலை 10.40 மணிக்குச் செய்தி வெளியாகிறது. நண்பகல் 12.15 மணிக்கு மாற்றுப் பாதை அறிவிக்கப்பட்டு, அது இரண்டு பத்திகளாகச் சேர்க்கப்படுகிறது. மாலை 6 மணிக்கு, பாலத்தின் நீளத்தைத் தவறாகக் குறிப்பிட்டிருந்தது தெரியவந்து எண் திருத்தப்படுகிறது.

வெளியிட்ட நேரம் கடைசி வரை 10.40 தான்; அது நடந்துவிட்ட ஒரு நிகழ்வின் பதிவு, அதைத் தொட நமக்கு உரிமை இல்லை. நண்பகலில் புதுப்பித்த நேரம் 12.15 ஆகிறது. வாசகருக்கு அந்த நேரம் உண்மையாகவே தேவை, ஏனென்றால் காலையில் படித்தவர் இப்போது படித்தால் வேறு வழியில் போவார். மாலைத் திருத்தத்துக்கும் புதுப்பித்த நேரம் மாறலாம், ஆனால் நேரத்தை மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்வது நேர்மை ஆகாது. "முன்பு பாலத்தின் நீளம் தவறாகக் குறிப்பிடப்பட்டிருந்தது, ஆகஸ்ட் 5, மாலை 6 மணிக்குத் திருத்தப்பட்டது" என்று செய்தியிலேயே எழுத வேண்டும். திருத்தம் என்பது தவற்றை ஒப்புக்கொள்வது. புதுப்பிப்பு என்ற சொல்லுக்குள் அதை ஒளித்து வைக்கக் கூடாது.

மறுநாள் காலை பாலம் திறக்கப்படுகிறது. இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். பழைய செய்தியின் உச்சியில் ஒரு வரியைச் சேர்த்து, வெளியிட்ட தேதியை ஆகஸ்ட் 6 ஆக்கிவிடுகிறார்கள். தலைப்பு அப்படியே இருக்க, தேதி மட்டும் மாறிவிட்டால், "2 மணிநேரம் முன்பு" என்ற குறிப்போடு "பாலம் மூடப்பட்டது" என்ற தலைப்பு தேடலில் நிற்கும். திறந்திருக்கும் பாலத்தைத் தவிர்த்து மக்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். புது நிகழ்வுக்குப் புதுச் செய்தி, புது முகவரி, புதுத் தேதி; பழைய செய்தியின் உச்சியில் புதியதற்கு ஓர் இணைப்பு கொடுத்தால் போதும்.

இதன் மறுபக்கமாக இன்னொரு தந்திரமும் உண்டு. பழைய செய்தியையே இரண்டு சொல் மாற்றிப் புது முகவரியில் வெளியிட்டு, பழையதை அழித்து, அதிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடுவார்கள். கணிசமான தகவல் சேர்க்காமல் செய்தியைச் செயற்கையாகப் புதிதாக்குவதையும், இப்படி அழித்துத் திருப்பிவிடுவதையும் செய்ய வேண்டாம் என்று கூகுள் தன் வழிகாட்டுதலில் வெளிப்படையாகவே சொல்கிறது.

### பழைய செய்தியில் தேதி இல்லாவிட்டால் அப்படி என்ன ஆகிவிடும்?

2008 செப்டம்பரில் என்ன ஆனது என்று பார்த்தால் போதும். அமெரிக்காவின் யுனைடெட் விமான நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியதைப் பற்றி 2002 டிசம்பரில் வெளியான செய்தி ஒன்று, புளோரிடா மாநில நாளிதழ் ஒன்றின் தளத்தில் பழைய தொகுப்பாகக் கிடந்தது. ஞாயிறு அதிகாலையில் அதிகம் பார்க்கப்பட்டவை என்ற பகுதியில் அதற்கு ஓர் இணைப்பு தோன்றியது. அந்த வழியாக வந்த கூகுளின் நிரல், செய்திக்கென்று 2002ஆம் ஆண்டுத் தேதி எதையும் பக்கத்தில் காணாமல், அதைப் புதுச் செய்தியாகக் கூகுள் செய்திகளில் சேர்த்துவிட்டது. திங்கட்கிழமை, செப்டம்பர் 8 அன்று, அந்தச் செய்தி முதலீட்டாளர்கள் பார்க்கும் திரைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. சுமார் 12 டாலராக இருந்த பங்கு, சில நிமிடங்களில் 3 டாலர் அளவுக்குச் சரிந்து, வர்த்தகம் நிறுத்தி வைக்கப்பட்டது.

செய்தியில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2002இல் அது முழு உண்மை. ஒரே ஒரு தேதி காணாமல் போனதால், உண்மைச் செய்தி ஆறு ஆண்டுகள் கழித்துப் பொய்ச் செய்தியாக வேலை செய்தது. பக்கத்தின் உச்சியில் 'இன்றைய தேதி' என்று நாள்தோறும் மாறும் தேதியைக் காட்டும் தளங்கள் இன்றும் உள்ளன. செய்திக்கென்று தனித் தேதி இல்லாத பக்கத்தில் அது நிற்பது ஆபத்து. தலைப்புக்கும் முதல் பத்திக்கும் நடுவே நாளும் மணியும் சேர்ந்த தேதி இருந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் 2019 முதல், பழைய கட்டுரைகள் சமூக ஊடகங்களில் பகிரப்படும்போது படத்தின் மீதே அவை வெளியான ஆண்டு தெரியும்படி செய்ததும் இந்த அக்கறையால்தான்.

### வழிகாட்டியில் எவ்வளவு மாற்றினால் 'புதுப்பிக்கப்பட்டது' என்று போடலாம்?

சொற்களை எண்ணி இதற்கு விடை காண முடியாது. எனக்கு உதவும் சோதனை ஒன்று உண்டு: பழைய வடிவத்தைப் படித்துச் செயல்பட்டவர், புதிய வடிவத்தைப் படித்தால் எதையாவது வேறு விதமாகச் செய்வாரா? செய்வார் என்றால் தேதி மாற வேண்டும். செய்யமாட்டார் என்றால் தேதி அசையக் கூடாது.

மின்னஞ்சல் கணக்குக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு வைப்பது எப்படி என்ற வழிகாட்டியை வைத்துப் பார்ப்போம். 14 மார்ச் 2022 அன்று ஏழு படிகளோடு அது வெளியாகிறது. ஜூனில் மூன்று எழுத்துப்பிழைகள் திருத்தப்படுகின்றன. 2023 பிப்ரவரியில் படங்களின் கோப்பு அளவு குறைக்கப்பட்டு, கீழே 'இவற்றையும் படியுங்கள்' என்று நான்கு இணைப்புகள் சேர்கின்றன. 9 நவம்பர் 2024 அன்று, கணக்கு அமைப்புகளின் பட்டியல் இடம் மாறிவிட்டதால் நான்கு படிகள் திரும்ப எழுதப்பட்டு, திரைப்பிடிப்புகள் புதிதாக எடுத்துப் போடப்படுகின்றன. 2025 ஜனவரியில் தலைப்பில் இருந்த '2024' என்பது '2025' ஆகிறது.

இந்த நான்கு மாற்றங்களில் சோதனையைத் தாண்டுவது நவம்பர் மாற்றம் மட்டுமே. அன்றைக்கு முன் படித்தவர் இல்லாத ஒரு பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பார். பின் படித்தவர் வேலையை முடித்துவிடுவார். எனவே பக்கத்தின் நேர்மையான புதுப்பிப்புத் தேதி 9 நவம்பர் 2024. பிழைத்திருத்தம், பட அளவு, இணைப்புகள் ஆகியவை பராமரிப்பு வேலைகள்; அவை பக்கத்துக்கு நல்லவை, ஆனால் தேதியோடு அவற்றுக்குத் தொடர்பு இல்லை. தலைப்பில் ஆண்டை மட்டும் மாற்றியது பராமரிப்பும் அல்ல. இந்த ஆண்டு நிலவரத்தைப் பார்த்துவிட்டதாக வாசகரிடம் உறுதி சொல்லும் செயல் அது. பார்க்காமல் அப்படிச் சொல்வது பொய்.

ஒரே ஒரு சொல் மாறினாலும் தேதி மாற வேண்டிய இடங்களும் இருக்கின்றன. மருந்தின் அளவிலோ, விண்ணப்பத்தின் கடைசி நாளிலோ ஓர் எண் மாறினால் அதுவே பெரிய மாற்றம். அப்படிப்பட்ட இடங்களில் தேதியோடு, என்ன மாறியது என்று ஒரு வரியும் எழுதுவது நல்லது. "9 நவம்பர் 2024: படிகள் 2 முதல் 5 வரை புதிய பட்டியலுக்கு ஏற்ப எழுதப்பட்டன" என்ற ஒரு வரியே தேதிக்குப் பின்னால் உள்ள உழைப்பைக் காட்டிவிடும், அப்படி எழுத எதுவும் கிடைக்கவில்லை என்றால், தேதியை மாற்றக் காரணமும் இல்லை.

### முழுவதும் சரிபார்த்தேன், எதுவும் மாறவில்லை. அந்த உழைப்பைக் காட்டக் கூடாதா?

காட்டலாம், காட்டவும் வேண்டும். ஆனால் அதன் சொந்தப் பெயரில் காட்ட வேண்டும். ஏழு படிகளையும் செய்து பார்த்து, எல்லாம் அப்படியே இருக்கின்றன என்று உறுதி செய்தால், 'சரிபார்த்தது: 20 மார்ச் 2025' என்று எழுதுங்கள். வாசகருக்கு அது மிகவும் பயனுள்ள தகவல். சொற்கள் மாறாதபோது 'புதுப்பிக்கப்பட்டது' என்று எழுதினால், நடந்த ஒன்றுக்கு நடக்காத ஒன்றின் பெயரைச் சூட்டுகிறோம். கட்டமைப்புத் தரவுக்கான schema.org அகராதியில் பக்கத்தைச் சரிபார்த்த நாளுக்கென்றே `lastReviewed` என்ற தனிப் புலம் உள்ளது. இரண்டும் வேறு வேறு என்பதை அந்த அகராதியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஸ்னிப்பெட்டில் இந்தத் தேதி வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

### வேர்ட்பிரஸ்ஸில் நான் எதையும் எழுதாமலே தேதி மாறிவிடுகிறதே?

வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பதிவுக்கும் `post_date`, `post_modified` என்று இரண்டு தேதிகளை வைத்திருக்கிறது. பதிவைத் திறந்து 'புதுப்பி' பொத்தானை அழுத்தினாலே இரண்டாவது மாறிவிடும். நீங்கள் ஒரு காற்புள்ளியைத் திருத்தினீர்களா, பாதிப் பக்கத்தைத் திரும்ப எழுதினீர்களா என்று அதற்குத் தெரியாது. பல பதிவுகளைத் தேர்ந்தெடுத்து மொத்தமாக வகையை மாற்றினால் அத்தனை பதிவுகளுக்கும் அதே நிமிடம் புதிய தேதியாகப் பதிவாகிவிடும். பெரும்பாலான தேடல் உகப்பாக்க நீட்சிகள் கட்டமைப்புத் தரவுக்கும், தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குப் பட்டியலிடும் சைட்மேப்புக்கும் இந்தத் தேதியைத்தான் அப்படியே எடுத்துக் கொடுக்கின்றன.

ஆகவே இங்கே யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை, ஆனாலும் விளைவு ஏமாற்று வேலையின் விளைவுதான். தீர்வு எளிது. 'உள்ளடக்கம் மாறிய நாள்' என்று பதிவுக்குத் தனிப் புலம் ஒன்றை உருவாக்கி, அதைத் தொகுப்பாசிரியர் கையால் நிரப்பும்படி வைத்து, கண்ணுக்குத் தெரியும் தேதி, கட்டமைப்புத் தரவின் `dateModified`, சைட்மேப்பின் `lastmod` ஆகிய மூன்றும் அந்தப் புலத்திலிருந்தே வரும்படி செய்துவிட வேண்டும். `lastmod` தேதி தொடர்ந்து உண்மையாக இருப்பதைச் சரிபார்க்க முடிந்தால் மட்டுமே அதைப் பயன்படுத்துவதாகக் கூகுள் கூறுகிறது. எல்லாப் பக்கங்களும் நேற்றுதான் மாறின என்று அடிக்கடி சொல்லும் சைட்மேப்பை அது நம்புவதற்குக் காரணம் இல்லை.

### பக்கத்தில் இதை எப்படி எழுதுவது?

தலைப்புக்குக் கீழே, ஒவ்வொரு தேதிக்கும் முன்னால் அது என்ன தேதி என்ற பெயரோடு எழுதுங்கள். மேலே சொன்ன வழிகாட்டிக்கு அது இப்படி இருக்கும்:

```html
<p>
  கடைசிப் புதுப்பிப்பு:
  <time datetime="2024-11-09T10:30:00+00:00">9 நவம்பர் 2024</time>
  வெளியீடு:
  <time datetime="2022-03-14T08:00:00+00:00">14 மார்ச் 2022</time>
</p>
```

கட்டமைப்புத் தரவிலும் அதே இரண்டு தேதிகள் இருக்க வேண்டும்:

```json
{
  "@context": "https://schema.org",
  "@type": "Article",
  "headline": "இரண்டடுக்குப் பாதுகாப்பு வைப்பது எப்படி?",
  "datePublished": "2022-03-14T08:00:00+00:00",
  "dateModified": "2024-11-09T10:30:00+00:00"
}
```

இறுதியில் உள்ள `+00:00` என்பது நேர மண்டலம். அதை எழுதாமல் விட்டால், கூகுள் தன் நிரலின் நேர மண்டலத்தையே எடுத்துக்கொள்ளும். நள்ளிரவை ஒட்டி வெளியாகும் செய்திகளுக்கு அதனால் ஒரு நாளே பிசகிவிடக்கூடும்.

### எல்லாம் சரியாக எழுதியும் தவறான தேதி வருகிறதே?

பெரும்பாலும் பக்கத்தில் வேறு தேதிகள் கூட்டமாக இருப்பதே காரணம். தொடர்புடைய பதிவுகளின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி, கருத்துரைகளுக்குத் தேதிகள், கட்டுரை பேசும் நிகழ்வின் தேதி என்று நிறைந்திருந்தால், எது பக்கத்தின் தேதி என்று தேடுபொறிக்குக் குழம்பிவிடுகிறது. தொடர்புடைய பதிவுகளுக்குத் தேதி காட்டாமல் விடுவதே சுலபமான சிகிச்சை. இன்னொரு காரணம், கண்ணுக்குத் தெரியும் தேதியும் கட்டமைப்புத் தரவும் வேறு வேறாக இருப்பது. இன்னொன்று, அடுத்த மாதம் நடக்கப்போகும் நிகழ்வின் தேதியையே பக்கத்தின் வெளியீட்டுத் தேதியாகப் போட்டுவிடுவது. வெளியீட்டுத் தேதி எதிர்காலத்தில் இருக்க முடியாது.

சரிபார்க்க, தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோல் கருவியில் அந்த முகவரியை ஆய்வு செய்து, கூகுள் கடைசியாக எப்போது பக்கத்தை எடுத்தது, எடுத்த வடிவத்தில் என்ன தேதிகள் இருந்தன என்று பாருங்கள். நீங்கள் திருத்திய நாளுக்கு முந்தைய வடிவமே அங்கே இருந்தால், தவறு எதுவும் இல்லை; மறுபடி வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

### வழிகாட்டியில் தேதியே வேண்டாம் என்று எடுத்துவிடலாமா?

எடுத்துவிட்டால் பக்கம் என்றும் புதிதாகத் தெரியும் என்று எண்ணிச் செய்வதை நான் ஏற்கமாட்டேன். தன் காலில் நின்று முடிவெடுக்க வாசகருக்கு இருந்த ஒரே கருவியைப் பறிப்பது அது. முக்கோணத்தின் பரப்பளவைக் கணக்கிடுவது போன்ற, காலம் தொடாத விஷயத்துக்குத் தேதி இல்லாவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. மென்பொருள், சட்டம், கட்டணம், உடல்நலம் ஆகியவற்றைப் பேசும் பக்கத்துக்குத் தேதி கட்டாயம். மேலும் நீங்கள் மறைத்தாலும், பக்கத்தின் வேறு மூலையிலிருந்து ஒரு தேதியைத் தேடுபொறி ஊகித்துப் போட இடம் இருக்கிறது.

### ஏற்கெனவே நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குத் தேதியை முன்னே நகர்த்திவிட்டோம். எப்படித் திருத்துவது?

உள்ளடக்கம் மாறாமல் தேதியை மட்டும் மாற்றுகிறீர்களா என்பது, தளத்தைத் தாமே மதிப்பிட்டுக்கொள்ளக் கூகுள் தரும் கேள்விகளில் ஒன்று. எனவே இதைத் திருத்துவது வீண் வேலை அல்ல. வேர்ட்பிரஸ் முந்தைய வடிவங்களைச் சேமித்து வைத்திருக்கும். ஒவ்வொரு பதிவிலும் கடைசி வடிவத்திலிருந்து பின்னோக்கி ஒப்பிட்டுக்கொண்டே போனால், வாசகர் செய்வதை மாற்றும் அளவுக்கு ஒரு மாற்றம் எங்கே நடந்தது என்று தெரிந்துவிடும். அந்த நாளே புதுப்பித்த தேதி. அப்படி ஒரு மாற்றம் எதுவும் அகப்படவில்லை என்றால், அல்லது பழைய வடிவங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்றால், புதுப்பித்த தேதியை எடுத்துவிட்டு வெளியிட்ட தேதியை மட்டும் நிறுத்துங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. அதிகம் படிக்கப்படும் ஐம்பது பக்கங்களை முதலில் எடுத்து, வாரத்துக்குப் பத்து என்று பார்த்தால் ஐந்து வாரத்தில் முடியும். அந்த வேலையின்போது சில பக்கங்கள் உண்மையாகவே காலாவதியாகிவிட்டதும் தெரியவரும். அவற்றைத் திரும்ப எழுதுங்கள். அந்தப் பக்கங்களுக்கு அன்றைய தேதியைப் போடலாம்.